சிமெண்ட் வாங்கிய அரசு

1975-ம் ஆண்டின் பிற்பகுதியில் நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே, நடுக்கடலில் 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. அவற்றில் ஏறக்குறைய 260 கப்பல்களில் ஒரே சரக்கு இருந்தது: சிமெண்ட். கடற்காற்றின் ஈரம் பட்டால் மூட்டையிலேயே இறுகிவிடுகிற சரக்கு. அத்தனையும் அந்நாட்டு அரசு கையெழுத்துப் போட்டு வாங்கியது, இறக்குவதற்குத்தான் வழியில்லை.

அந்தக் கப்பல்களைப் பற்றி லண்டனில் நடந்த ஒரு வழக்கைப் பல ஆண்டுகளுக்கு முன் சட்டப் புத்தகத்தில் படித்தேன். ஒரு நாட்டு அரசின் மீது இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போட முடியுமா என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பாடம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1973-74ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. எண்ணெய் விற்கும் நைஜீரியாவின் கஜானா நிரம்பியது. உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சாலை, பாலம், வீடு, ராணுவத்துக்குக் குடியிருப்பு என்று எல்லாமே கட்டவேண்டியிருந்தது. ஜெனரல் கோவோனின் ராணுவ அரசு சிமெண்டுக்கு ஆர்டர் கொடுக்கத் தொடங்கியது. பத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் அல்ல, 109 ஒப்பந்தங்கள், 68 விற்பனையாளர்கள், மொத்தம் 1 கோடியே 60 லட்சம் டன்னுக்கும் மேல். விலை 100 கோடி டாலரை நெருங்கியது. லாகோஸ் துறைமுகமோ, ஆண்டுக்கு 10 லட்சம் முதல் 50 லட்சம் டன் வரை சிமெண்டைத்தான் இறக்கக்கூடியது.

கப்பல் தொழிலில் டெமரேஜ் என்று ஒன்று உண்டு. ஒப்புக்கொண்ட நாட்களுக்குள் சரக்கை இறக்கிக் கப்பலை விடுவிக்காவிட்டால், கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கொடுக்கவேண்டிய காத்திருப்புக் கட்டணம். இந்த ஒப்பந்தங்களில் அதைக் கொடுக்கும் பொறுப்பை நைஜீரியா ஏற்றிருந்தது. ஆகவே ஒவ்வொரு கப்பலும் தினம் ஆயிரக்கணக்கான டாலர் கணக்கை ஏற்றிக்கொண்டே நின்றது. மருந்தும் உணவும் ஏற்றிவந்த கப்பல்களும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டன.

1975 ஜூலை 29 அன்று, கோவோன் ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டுக்காக கம்பாலாவில் இருந்தபோது, லாகோஸில் ஆட்சி கவிழ்ந்தது. புதிதாக வந்த முர்த்தலா முகமதுவின் அரசு நெரிசலைத் தீர்க்க இறங்கியது. முன் அனுமதி பெறாமல் சிமெண்ட் கப்பல் எதுவும் வரக்கூடாது என்றது. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவர்களிடம் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. பலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு சமரசமானார்கள். சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர்தான் சுவிட்சர்லாந்தில் பதிவான டிரெண்ட்டெக்ஸ் என்ற வணிக நிறுவனம்.

டிரெண்ட்டெக்ஸ் விற்க ஒப்புக்கொண்டது 2,40,000 டன். பணத்துக்கு உத்தரவாதமாக நைஜீரியாவின் மத்திய வங்கி ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு எல்.சி. திறந்திருந்தது. லெட்டர் ஆஃப் கிரெடிட் என்பதைத்தான் திருப்பூரிலும் தூத்துக்குடியிலும் ஏற்றுமதி செய்பவர்கள் எல்.சி. என்பார்கள். வாங்குபவர் பணம் தருவாரா மாட்டாரா என்ற கவலை விற்பவருக்கு வேண்டாம். சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணங்களைச் சரியாகக் காட்டினால் வங்கியே பணம் தந்துவிடும். சரக்குத் தரமாக இருந்ததா, துறைமுகத்தில் இடம் இருந்ததா என்பதெல்லாம் வங்கிக்குத் தேவையற்ற கேள்விகள். வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும். இந்த எல்.சி. ஒருமுறை திறந்தால் ஒருதலையாக ரத்துசெய்ய முடியாத வகை. பணம் லண்டனில் ஒரு பிரிட்டிஷ் வங்கி மூலம் கைமாற வேண்டும்.

ஆட்சி மாறியதும் மத்திய வங்கி அந்த லண்டன் வங்கிக்குச் சொல்லி அனுப்பியது: எங்களைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரத்துசெய்ய முடியாதது என்று எழுதிக்கொடுத்த காகிதம் ஒரே செய்தியில் செல்லாததாகிவிட்டது. 1975 நவம்பரில் டிரெண்ட்டெக்ஸ் லண்டனில் வழக்குப் போட்டது. ஏற்றியனுப்பிய சிமெண்டுக்கு விலை, நின்ற கப்பல்களுக்கு டெமரேஜ், வாங்க மறுத்த மீதிக்கு நஷ்டஈடு என்று கேட்டது. மத்திய வங்கியின் பதில் சுருக்கமாக இருந்தது: நாங்கள் நைஜீரிய அரசின் ஓர் அங்கம், ஓர் அரசை இன்னோர் அரசின் நீதிமன்றம் விசாரிக்க முடியாது.

அது விதண்டாவாதம் அல்ல. அப்போதைய ஆங்கிலச் சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. முதல் சுற்றில் நீதிபதி அதை ஏற்று வழக்கை நிறுத்தினார்.

இந்த விலக்கின் வேர், போர்க்கப்பல்களில் இருக்கிறது. 1810-ல் நெப்போலியனின் ஆட்கள் ஓர் அமெரிக்க வணிகக் கப்பலைப் பிடித்துத் தங்கள் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு புயலில் அடிபட்டு அதே கப்பல் பிரெஞ்சுக் கொடியோடு ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது. பழைய உரிமையாளர்கள், இது எங்கள் கப்பல், திருப்பிக்கொடுங்கள் என்றார்கள். 1812-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் மறுத்துவிட்டார். எல்லா அரசுகளும் சமம். சமமானவர்களில் ஒருவர் மற்றவருக்கு நீதிபதியாக முடியாது. நட்புநாட்டின் போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் வந்தால், அதைப் பிடிக்கமாட்டோம் என்ற ஒப்புதலோடுதான் அதை உள்ளே விடுகிறோம் என்று பொருள். இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

போர்க்கப்பலுக்குப் பொருந்திய இந்த நியாயம் சரக்குக் கப்பலுக்கும் நீட்டப்பட்டபோதுதான் சிக்கல் வந்தது. 1920-ல் லண்டனில் தீர்ந்த வழக்கு ஒன்று. போர்ச்சுகல் அரசு தன்வசப்படுத்தி, சாதாரண வணிகச் சரக்கு ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த போர்ட்டோ அலெக்ஸாண்ட்ரே என்ற கப்பல், லிவர்பூல் பக்கம் மெர்சி ஆற்றில் தரைதட்டியது. இழுவைப்படகுக்காரர்கள் அதை மீட்டார்கள். மீட்புக்கூலி கேட்டு வழக்குப் போட்டபோது, கப்பல் ஓர் அரசுடையது, வழக்கு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தரைதட்டிய கப்பலை உழைத்து மீட்டவர்களுக்குக் கூலிக்கு வழியில்லை. அந்தத் தீர்ப்பு எழுதியவர்களுக்கே அதில் முழு மனம் இருக்கவில்லை. முன்தீர்ப்பு கையைக் கட்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் கப்பல் ஓட்டின, ரயில் விட்டன, புகையிலை விற்றன, விமானம் பறக்கவிட்டன. சோவியத் நாடுகளில் வெளிநாட்டு வணிகம் முழுவதுமே அரசின் கையில் இருந்தது. எதிரில் நின்று வியாபாரம் செய்தவர் தனியாள். சண்டை வந்தால் அரசு தனியாளை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம், தனியாள் அரசை இழுக்க முடியாது. பெல்ஜியம், இத்தாலி நாட்டு நீதிமன்றங்கள் இதை வெகு முன்பே ஏற்க மறுத்தன. அரசு அரசாக நடந்துகொண்டால் விலக்கு உண்டு, வியாபாரியாக நடந்துகொண்டால் இல்லை என்று பிரித்தன. 1952-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஜாக் டேட் ஒரு கடிதத்தில், இனித் தாங்களும் இந்தப் பிரிவினையையே பின்பற்றப்போவதாக அறிவித்தார். பிரிட்டன் மட்டும் பழைய வழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் டிரெண்ட்டெக்ஸ் மேல்முறையீடு டென்னிங் பிரபு தலைமையிலான மூன்று நீதிபதிகளிடம் வந்தது. 1977 ஜனவரியில் தீர்ப்பு. மத்திய வங்கி தனிச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட தனி அமைப்பு, அரசுத் துறை அல்ல என்பதில் மூவரும் ஒன்றுபட்டார்கள். வங்கி அரசின் அங்கம்தான் என்று நைஜீரியத் தரப்பு உறுதி கூறியதை அவர்கள் முடிவான சான்றாகக் கொள்ளவில்லை. வங்கிக்கு என்ன அதிகாரம், யார் கட்டுப்பாடு, யாருக்காக வேலை என்று தாங்களே பார்த்தார்கள். வழக்கு பிழைத்துக்கொள்ள இதுவே போதும்.

ஆனால் டென்னிங் அதோடு நிற்கவில்லை. வங்கி அரசேதான் என்று வைத்துக்கொண்டாலும் விலக்குக் கிடையாது என்றார். சர்வதேசச் சட்டம் மாறிவிட்டது, அது ஆங்கிலச் சட்டத்தின் பகுதி, ஆகவே ஆங்கிலச் சட்டமும் மாறிவிட்டது என்பது அவர் வாதம். இன்னொருவரும் ஒத்துக்கொண்டார். மூன்றாமவரான ஸ்டீஃபன்சன் மட்டும், முன்தீர்ப்புகளை மாற்ற பிரபுக்கள் அவைக்கோ நாடாளுமன்றத்துக்கோதான் உரிமை என்று விலகி நின்றார். அவருடைய தயக்கத்தில் நேர்மை இருந்தது என்றே நினைக்கிறேன். முன்தீர்ப்பை விருப்பம்போல் தாண்டுகிற நீதிமன்றம் நாளைக்கு எதையும் தாண்டும்.

நைஜீரியத் தரப்பின் வலுவான வாதம் வேறொன்று. இந்தச் சிமெண்ட் ராணுவக் குடியிருப்புகள் கட்டுவதற்கு. நாட்டுப் பாதுகாப்பைவிட அரசுத்தன்மை மிக்க காரியம் உண்டா? இதற்குக் கிடைத்த விடைதான் இந்தத் துறையின் அச்சாணி. எதற்காக வாங்கினாய் என்று கேட்காதே, என்ன செய்தாய் என்று பார். சந்தைக்குப் போய்ச் சிமெண்டோ பட்டாளத்துக்கு பூட்ஸோ வாங்குவது, வாங்குகிறவர் யாராக இருந்தாலும் வாங்குவதுதான். கட்டுமான நிறுவனம் ஒன்றும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க முடியும். எல்.சி.யை எந்த வங்கியும் திறந்திருக்க முடியும். தனியார் ஒருவர் செய்யக்கூடிய செயலா இது என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான வழக்குகளில் விடை கிடைத்துவிடும்.

நோக்கத்தை ஏன் பார்க்கக்கூடாது? அரசு செய்யும் எதற்கும் கடைசியில் ஒரு பொதுநோக்கம் இருக்கும். பள்ளிக்கு பெஞ்சு, ஆஸ்பத்திரிக்கு மருந்து, பட்டாளத்துக்கு அரிசி. நோக்கத்தை அளவுகோலாக வைத்தால் எதுவுமே வணிகம் ஆகாது, விதிவிலக்கே செத்துவிடும். அமெரிக்கா 1976-ல் கொண்டுவந்த சட்டத்தில், செயலின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும், நோக்கத்தை அல்ல என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். அதே லாகோஸ் சிமெண்டுக்காக நியூயார்க்கில் போடப்பட்ட நான்கு வழக்குகளில் 1981-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் நைஜீரியாவுக்கு எதிராகவே முடிவுசெய்தது. பிரிட்டனும் 1978-ல் தனிச் சட்டம் இயற்றியது. பொருள் அல்லது சேவை வழங்கும் ஒப்பந்தம், கடன், கடனுக்கான உத்தரவாதம் ஆகியவற்றை அந்தச் சட்டம் பெயர்சொல்லியே வணிகம் என்கிறது.

எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் ஒப்பந்தம் வணிகமாக இருந்து, அதை முறித்த காரணம் அரசியலாக இருந்தால்? இந்தக் கேள்வியோடு வந்தவை இரண்டு சர்க்கரைக் கப்பல்கள்.

சிலி நாட்டு நிறுவனம் ஒன்று கியூபாவின் அரசு நிறுவனத்திடம் சர்க்கரை வாங்கியிருந்தது. 1973 செப்டம்பர் 11 அன்று, பிளாயா லார்கா என்ற கியூபக் கப்பல் சிலியின் வல்பரைசோ துறைமுகத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருந்தது. அன்றுதான் பினோசெட்டின் ராணுவம் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. கியூபாவுக்கு அயெந்தே நண்பர். ஹவானாவிலிருந்து உத்தரவு போனது. கப்பல் மீதிச் சரக்கோடு கிளம்பிவிட்டது. சிலியை நோக்கி வந்துகொண்டிருந்த மார்பிள் ஐலண்ட்ஸ் என்ற இன்னொரு கப்பலும் திசைமாறியது. அதன் சர்க்கரை கடைசியில் வியட்நாமுக்குப் போய்ச்சேர்ந்தது. சரக்குக்கு உரியவர்கள், கியூப அரசுக்குச் சொந்தமான வேறொரு கப்பல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் இருந்தபோது அதைப் பிடித்துவைத்து வழக்குப் போட்டார்கள். அதன் பெயர் ஐ காங்கிரசோ டெல் பார்ட்டிடோ. வழக்குக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1981-ல் பிரபுக்கள் அவை சொன்னது இது. கியூபா ஏன் கப்பலைத் திருப்பியது என்பது அரசியல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எப்படித் திருப்பியது? சட்டம் போட்டுப் பறிமுதல் செய்ததா? கடற்படையை அனுப்பியதா? இல்லை. கப்பல் சொந்தக்காரர் தன் கேப்டனுக்குக் கொடுக்கிற உத்தரவைக் கொடுத்தது. சிலியின் புதிய ஆட்சி பிடிக்காத ஒரு தனியார் கப்பல் முதலாளியும் அதையே செய்திருக்கக்கூடும். ஆகவே விலக்கு இல்லை. முதல் கப்பல் விஷயத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். இரண்டாவதில் மூன்றுக்கு இரண்டு என்று பிளந்தார்கள். மிகச்சிறந்த நீதிபதிகளே ஒரே நிகழ்ச்சியின் இரு பாதிகளில் வேறுபடும் அளவுக்கு அந்தக் கோடு மெல்லியது.

அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு கசப்பான வழக்கு காட்டுகிறது. அமெரிக்கர் ஒருவர் சவுதி அரசு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த பாதுகாப்புக் குறைகளைப் புகார் செய்ததற்காகத் தம்மைப் பிடித்து அடைத்துச் சித்திரவதை செய்தார்கள் என்று அவர் சொந்த நாட்டில் வழக்குப் போட்டார். ஆள் எடுத்ததும் வேலை கொடுத்ததும் வணிகம்தானே என்பது அவர் வாதம். 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் முறையிடுவது வேலை ஒப்பந்தத்தைப் பற்றி அல்ல, போலீஸ் அதிகாரத்தைப் பற்றி. கைதுசெய்வதும் சிறையில் அடைப்பதும் தனியார் யாரும் செய்யக்கூடியதல்ல. அது அரசு மட்டுமே செய்வது. சிமெண்ட் விலைக்குக் கதவைத் திறந்த அதே அளவுகோல், உடம்பில் அடிபட்டவருக்குக் கதவை மூடியது. தர்க்கம் பிசகவில்லை என்று தெரிந்தும், இந்த முடிவை என்னால் மனம் அமைதியாகப் படிக்க முடிந்ததில்லை.

வழக்கில் வென்றால் பணம் வந்துவிடுமா? நம் ஊர் நீதிமன்றங்களில் டிக்ரி வாங்கிவிட்டு, அதை நிறைவேற்ற ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். எதிராளி அரசாக இருந்தால் அந்த இடத்தில் இரண்டாவது மதில் ஒன்று நிற்கிறது. வழக்கு நடத்த விலக்கு இல்லை என்பதால் ஜப்தி செய்யவும் விலக்கு இல்லை என்று ஆகாது. இரண்டும் தனித்தனி. ஜப்தி என்று வரும்போது கேள்வியும் தலைகீழாகிறது. வழக்குக் கட்டத்தில் நோக்கத்தைப் பார்க்காதே என்ற சட்டம், இங்கே நோக்கத்தையே பார்க்கிறது: இந்தச் சொத்து எதற்குப் பயன்படுகிறது? வணிகத்துக்குப் பயன்படும் சொத்தைத்தான் ஜப்தி செய்யலாம்.

லண்டனில் கொலம்பியத் தூதரகத்தின் வங்கிக் கணக்கை ஒரு நிறுவனம் முடக்கப் பார்த்தது. தூதரகத்துக்குச் சாமான் விற்ற பாக்கி. 1984-ல் பிரபுக்கள் அவை மறுத்தது. அந்தக் கணக்கிலிருந்து கடைக்காரர் பில்லும் போகும், தூதரக ஊழியர் சம்பளமும் போகும்; பணத்தைக் கூறுபோட முடியாது. முழுக்க வணிகத்துக்கென்றே ஒதுக்கியது என்று காட்டினாலொழியத் தொட முடியாது என்றார்கள். அப்படி ஒதுக்கி வைக்கும் தூதரகம் அரிது. பிரிட்டனின் 1978 சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு: வெளிநாட்டு மத்திய வங்கியின் சொத்தை வணிகச் சொத்தாகவே கருதக்கூடாது. டிரெண்ட்டெக்ஸ் வென்றது மத்திய வங்கிக்கு எதிராக என்பதை நினைத்துப் பார்த்தால், நாடாளுமன்றம் எந்தப் பக்கத்தை எவ்வளவு திறந்தது என்பது புரியும். தங்கள் டாலர் இருப்பு ஜப்தியாகும் என்றால் மற்ற நாடுகளின் மத்திய வங்கிகள் லண்டனில் பணம் வைக்கத் தயங்கும். அந்தக் கவலை பிரிவில் தெரிகிறது.

டிரெண்ட்டெக்ஸுக்கு என்ன ஆயிற்று? அந்த நிறுவனம் தன் வங்கியான கிரெடிட் சுவிஸ்ஸுக்குக் கடன்பட்டிருந்தது. நைஜீரியாவிடமிருந்து வரவேண்டிய பணத்தின் மீதான உரிமையை வங்கிக்கு எழுதிக்கொடுத்தது. வங்கி அந்த உரிமையை, பெயர் வெளியிடாத மூன்றாவது ஒருவருக்கு 11 லட்சம் டாலருக்கு விற்கப் போவதாக ஆவணத்திலேயே இருந்தது. விற்றது. சிறிது காலத்திலேயே நைஜீரிய மத்திய வங்கியுடனான வழக்கு 80 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. சிமெண்ட் ஏற்றியவர் கையில் அந்தத் தொகை வந்துசேரவில்லை. அதை எதிர்த்து அவர்கள் கிரெடிட் சுவிஸ் மீது போட்ட வழக்கு தனியாகப் பிரபுக்கள் அவை வரை போனது. வழக்கை வாங்கி விற்பது செல்லாது என்று நீதிபதிகள் சொன்னாலும், ஒப்பந்தப்படி சண்டையை சுவிட்சர்லாந்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தியாவில் வழி வேறு. வெளிநாட்டு அரசுகளின் விலக்குக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-ம் பிரிவுதான் வாசல். வெளிநாட்டு அரசின் மீது வழக்குப் போட மத்திய அரசின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். அதைத் துறைச் செயலாளர் சான்றளிக்க வேண்டும். எப்போது ஒப்புதல் கொடுக்கலாம் என்பதையும் பிரிவே சொல்கிறது. அந்த அரசு இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் தானாகவோ பிறர் மூலமாகவோ வியாபாரம் செய்தால் கொடுக்கலாம். தகராறுக்குரிய நிலமோ கட்டடமோ அதன் வசம் இங்கே இருந்தால் கொடுக்கலாம். அதுவே முன்பு வழக்குப் போட்டிருந்தாலோ, விலக்கைக் கைவிட்டிருந்தாலோ கொடுக்கலாம். வணிக விதிவிலக்கு இங்கும் இருக்கிறது. ஆனால் லண்டனில் நீதிபதி கேட்கிற கேள்வியை இங்கே முதலில் கேட்பவர் டெல்லியில் உள்ள அதிகாரி.

இந்த வாசலில் முட்டிக்கொண்டவர்களில் ஒருவர் தேயிலை வியாபாரி. எகிப்து அப்போது ஐக்கிய அரபுக் குடியரசு என்று பெயர் கொண்டிருந்தது. அதன் இறக்குமதித் துறை தம்மிடம் தேயிலை வாங்க ஒப்பந்தம் போட்டு மீறியது என்று அவர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மத்திய அரசின் ஒப்புதல் வாங்கவில்லை. 1965-ல் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் இல்லாத வழக்கு நிற்காது என்றது. சிமெண்டைப்போலவே தேயிலையும் சந்தைச் சரக்குதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் போகுமுன்பே வழக்கு விழுந்தது.

ஒப்புதல் கேட்டும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? டெல்லியில் அல்ஜீரியத் தூதரகத்துக்குப் பழுதுபார்க்கும் வேலை செய்துகொடுத்த ஒப்பந்தக்காரர் ஒருவருக்குப் பில் தொகை வரவில்லை. ஒப்புதல் கேட்டார், வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1986-ல் நீதிமன்றம், இந்த அதிகாரம் இஷ்டப்படி செலுத்துவதற்கல்ல, விண்ணப்பித்தவர் தரப்பைக் கேட்டு, காரணம் காட்டி முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லி, கோரிக்கையை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. மறுக்குமுன் விண்ணப்பதாரருக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்பது 1976 திருத்தத்திலேயே வந்துவிட்டது. அதற்கு உயிர்கொடுத்தது இந்தத் தீர்ப்பு. கூலிப் பாக்கிக்காக ஒருவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்ததே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பிறகு வாசல் மெல்ல அகலமாயிற்று. மும்பையிலிருந்து டான்சானியாவின் தாருஸ்ஸலாமுக்குச் சாயப்பொருள் அனுப்பிய ஒருவர், சரக்கு கெட்டுப் போய்ச்சேர்ந்ததென்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் மீது நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டார். நாங்கள் அரசு நிறுவனம், 86-ம் பிரிவின்படி ஒப்புதல் எங்கே என்றது ஏர்லைன்ஸ். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. கூலி வாங்கிக்கொண்டு சரக்கு ஏற்றும் விமான நிறுவனம் மற்ற விமான நிறுவனங்களைப் போலவே பொறுப்பேற்க வேண்டும் என்றது. 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. ஆப்கானிஸ்தான் தூதரகத்தின் கட்டட வேலை தொடர்பாக ஒரு நிறுவனம் நடுவர் தீர்ப்பு வாங்கியிருந்தது. வணிக ஒப்பந்தத்திலிருந்து எழுந்த நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற மத்திய அரசின் ஒப்புதல் தேவையில்லை என்று முடிவுசெய்தது. நடுவரிடம் போவோம் என்று கையெழுத்துப் போட்டபோதே அந்த அரசு விலக்கைக் கைவிட்டுவிட்டது என்பது அதன் கருத்து.

அதனால்தான் வெளிநாட்டு அரசோடோ அதன் தூதரகத்தோடோ ஒப்பந்தம் எழுதும்போது விவரமான வக்கீல்கள் மூன்று இடங்களைப் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போடுவது அரசா, அரசின் துறையா, தனிச் சட்டத்தில் பிறந்த நிறுவனமா? தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு என்று இருக்கிறதா? விலக்கைக் கைவிடும் வாசகம் வழக்குக்கு மட்டும் இருக்கிறதா, ஜப்திக்கும் தனியாக இருக்கிறதா? இந்தக் கடைசி வாசகத்தைத்தான் எதிர்த்தரப்பு பெரும்பாலும் அடித்துவிடப் பார்க்கும்.